அத்தைக்கு டாக்டர் போனிலா, செவிலியர் மேசையிலா, நேரிலா?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பலரிடமிருந்தும் வருகிறது. “அம்மா ஊரில் தனியாக இருக்காங்க. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம்னு சொல்றாங்க. அது போதுமா, இல்லை ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகணுமா? அப்புறம் ரிப்போர்ட்டையெல்லாம் இணைக்கிற அந்த ஆபா நம்பர் எடுக்கலாமா, ஆபத்தா?”

இதே முடிவை என் அத்தைக்காக நான் எடுக்க வேண்டியிருந்தது. வயது 63. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். பதினோரு வருடமாக சர்க்கரை, ஆறு வருடமாக ரத்த அழுத்தம். கையில் இருப்பது பட்டன் போன். வீட்டிலிருந்து துணை சுகாதார நிலையம் நடக்கிற தூரம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆறு கிலோமீட்டர். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அதனால் அத்தையை வைத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

‘எது வசதி’ என்று ஆரம்பித்தால் போன்தான் ஜெயிக்கும். நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

1. டாக்டருக்குப் பதிலாகவாவது கைவைத்துப் பார்க்க, அளக்க யார் இருக்கிறார்கள்?
2. சீட்டு கிடைத்த பிறகு மருந்து எங்கிருந்து வரும், யார் காசில்?
3. எவ்வளவு நேரம் போகும்? அது யாருடைய நேரம்?
4. யாருடைய போன், யாருடைய சிம்?
5. பேசுவது யார் காதில் விழும், எழுதுவது எங்கே போய்ச் சேரும்?

இவற்றில் இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகின்றன.

## வீட்டிலிருந்தே போனில்

இ-சஞ்சீவனி ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் சேவை. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. முதலில், 2019 நவம்பரில், கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்து பெரிய இடத்து டாக்டரைக் கூப்பிடும் ஏற்பாடாகத்தான் வந்தது. வீட்டிலிருந்து நோயாளியே நேராகப் பேசும் வழி 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் சேர்ந்தது. இரண்டும் ஒரே பெயரில் ஓடுவதால் பலர் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டு வழி இப்படி: ஆப்பிலோ இணையதளத்திலோ செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். பெயர், வயது, தொந்தரவு என்ன என்று பதிந்து, பழைய சீட்டுகளைப் படம் எடுத்து ஏற்றினால் டோக்கன் கிடைக்கும். வரிசை நகர்ந்து முறை வந்ததும் வீடியோவில் டாக்டர். பேசி முடித்தபின் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். பைசா செலவில்லை.

செலவு அதற்குப் பிறகு வருகிறது. போனில் வந்த சீட்டைக் கொண்டுபோனால் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தகத்தில் அப்படியே கொடுத்துவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே ஓபி பதிவும் அந்த நிலைய டாக்டரின் குறிப்பும் கேட்டால், மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இன்னொரு சிக்கல், அரசு நிலையங்களுக்கு மருந்து வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் பட்டியலிலிருந்து. வீடியோவில் வந்த டாக்டர் அந்தப் பட்டியலில் இல்லாத கூட்டு மாத்திரை ஒன்றை எழுதிவிட்டால் மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்க வேண்டும். இலவச ஆலோசனை மாதாந்திரச் செலவாக மாறுவது இந்த இடத்தில்தான். பேசும்போதே “அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கிற மருந்தாக எழுதுங்க டாக்டர்” என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் எழுதுவார்கள்.

அடுத்தது, போன் வழிக்கு அரசே ஒரு எல்லை போட்டிருக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, ஏற்கெனவே நேரில் பார்த்த அதே டாக்டரிடம், அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் பேசினால்தான் அது ‘தொடர் ஆலோசனை’. ஆறு மாதம் தாண்டினால் முதல் ஆலோசனைக் கணக்கு. முதல் ஆலோசனையில் டாக்டர் எழுதக்கூடிய மருந்துகள் குறைவு. வீடியோ இல்லாமல் குரலில் மட்டும் என்றால் இன்னும் குறைவு. போதைப்பொருள், மனமயக்கப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளவற்றைப் பொதுவாக எழுதவே கூடாது. ஆக, நேரில் போகவே தேவையில்லை என்று அந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நேரில் காட்டிக்கொண்டு, நடுவில் போன் என்பதுதான் அது மனத்தில் வைத்திருக்கும் முறை.

அத்தை விஷயத்தில் போன் எங்கே சறுக்கியது என்று சொல்கிறேன். ஒரு தீபாவளி விடுமுறையில் மகன் தன் போனில் கூப்பிட்டுக் கொடுத்தான். டாக்டர் பொறுமையாகவே கேட்டார். “சுகர் எவ்வளவு?” “போன மாசம் நூத்தம்பது.” “பிரஷர்?” “பரவால்ல டாக்டர்.” “வேறு தொந்தரவு?” “ஒண்ணும் இல்லீங்க.” மூன்று நிமிடத்தில் முடிந்தது. கேமரா முழு நேரமும் முகத்தில்தான் இருந்தது. வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போய் நடுவில் கறுத்திருந்த புள்ளி யாருக்கும் தெரியவில்லை. அத்தை மறைக்கவில்லை. வலி இல்லாததால் அது ஒரு தொந்தரவு என்றே அவருக்குத் தோன்றவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்தவர்களுக்கு இதுதான் ஆபத்து. வலிதான் நோயாளியைப் பேச வைக்கும், அந்த வலியே அவர்களுக்கு வராது. டாக்டர் மேலும் தவறில்லை, அவர் முன்னால் இருந்தது கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒரு முகம் மட்டுமே.

போன் வழி நன்றாக வேலை செய்யும் வீடுகளும் உண்டு. வீட்டில் டிஜிட்டல் பிரஷர் கருவியும் குளுக்கோமீட்டரும் இருந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் அளந்து, ஒரு வாரத்து எண்களை எழுதி வைத்திருந்தால் டாக்டருக்கு அது தங்கம். வீட்டில் அளக்கும்போது 135/85-க்கு மேல் தொடர்ந்து நின்றால் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் கால் வீங்குகிறது, இருமல் வருகிறது, ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரை அளவை மாற்றலாமா என்று கேட்க வேண்டும், பேத்திக்குத் தோலில் தடிப்பு, இவற்றுக்கெல்லாம் போனே போதும். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, திடீரென்று பேச்சுக் குழறுவது என்றால் டோக்கன் போட்டுக் காத்திருக்கக் கூடாது, 108.

## துணை சுகாதார நிலையத்தில், செவிலியர் மூலமாக

இதுவும் இ-சஞ்சீவனிதான். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சர்க்கரை பார்த்து, எண்களைப் பதிந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ மேலிட நிபுணரையோ கூப்பிடுகிறார். டாக்டர் கேட்பது நோயாளிக்குப் புரியாவிட்டால் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வதும் அவர்தான்.

நாட்டில் இ-சஞ்சீவனி பெருகியது இந்த வழியாகத்தான். 2023 பிப்ரவரியில் மொத்த ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டியபோது அதில் மிகப் பெரும்பங்கு சுகாதார நிலையங்களிலிருந்து வந்தவை. அப்போது பயனடைந்தவர்களில் 57 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள், மூத்த குடிமக்கள் சுமார் 12 விழுக்காடு என்று அரசு சொன்னது. அடிக்கடி மருந்து மாற்ற வேண்டியவர்கள் வயதானவர்கள்தான் என்பதை நினைத்தால் எனக்கு அந்த 12 குறைவாகவே படுகிறது.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் கொஞ்சம் மேல் என்றாலும் பாதியைத் தொடவில்லை. அந்தக் கேள்வியும் 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது. அத்தை வயதுக்காரர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அத்தையின் கால் இங்கேதான் பிடிபட்டது. பிரஷர் பார்க்க உட்கார வைத்த செவிலியர், செருப்பின் வலது பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பதைக் கவனித்து, “காலைத் தூக்குங்கம்மா” என்றார். பார்த்ததும் போன் கேமராவைக் காலுக்குத் திருப்பி டாக்டருக்குக் காட்டினார். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையம் போகச் சொல்லிவிட்டார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமக் கண் மையங்களும் இந்த முறையில்தான் நடக்கின்றன. பயிற்சி பெற்ற பெண் கருவியில் கண்ணைப் பரிசோதிக்க, டாக்டர் தூரத்திலிருந்து பேசுகிறார். நடுவில் ஒரு கை வேண்டும்.

இந்த வழிக்கும் மறைவான விலை உண்டு. அந்தப் பக்கம் வரும் டாக்டர் பெரும்பாலும் தன் ஓபி நோயாளிகளுக்கு நடுவில் பேசுகிறவர். காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் காத்திருப்பு நீளும். மதியத்துக்குப் பிறகு போனால் நிதானமாகப் பேசுவார். செவிலியர் தடுப்பூசிக்கோ வீடு வீடாகவோ போயிருந்தால் நிலையமே பூட்டியிருக்கும், அதனால் முதல் நாளே கேட்டுவிட்டுப் போவது உத்தமம். இன்னொன்று: எண்ணிக்கையை வைத்து வேலையை அளக்கும் எந்தத் திட்டத்திலும் கணக்குக் காட்டப் பதிவு போடும் ஆசை வரும். டாக்டரிடம் பேசவே இல்லை, ஆனால் ஆலோசனை முடிந்ததாக உங்கள் போனுக்குச் செய்தி வருகிறது என்றால் அதுதான் அடையாளம். சண்டை போட வேண்டாம், “டாக்டர்கிட்ட பேசணும்மா” என்று நேராகக் கேளுங்கள்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

## நேரில் போவது

மருந்து கையோடு கிடைக்கும், ரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது தேவைப்படும் நான்கு விஷயங்கள் போனில் நடக்காது: பாதத்தில் நைலான் இழை வைத்து உணர்ச்சி பார்ப்பது, விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின். மூன்று மாதச் சராசரி சர்க்கரைக்கும் ரத்தம் கொடுத்தாக வேண்டும்.

விலை, ஒரு நாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அத்தைக்குப் பஸ் காசு மிச்சம். ஆனால் அந்த பஸ் வரும் நேரத்துக்குத்தான் எல்லாம். காலையில் கிளம்பினால் சாப்பாட்டுக்கு முன் திரும்புவது அதிர்ஷ்டம். காட்டு வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போய், மாத்திரையும் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையையும் இட்லியையும் பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்தபின் சாப்பிடச் சொல்லுங்கள்.

மாதாமாதம் மருந்து வாங்க மட்டும் போகிறவர்கள் அந்தப் பயணத்தைக் குறைக்கலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். இதற்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், ஓடிபி புரிய வேண்டாம். டிஜிட்டல் இல்லாத வீட்டுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு இதுதான் என்பது என் கருத்து. பெயர் இல்லாவிட்டால் துணை சுகாதார நிலையத்தில் சொல்லிச் சேர்க்கலாம்.

## ஒரு பார்வையில்

| | வீட்டிலிருந்து போன் | செவிலியர் மூலம் | நேரில் |
|---|---|---|---|
| கைவைத்துப் பார்ப்பது | இல்லை | பிரஷர், சுகர், கண்ணால் பார்ப்பது | முழுதாக |
| மருந்து | பெரும்பாலும் கடையில் | நிலையத்தில் இருப்பது இலவசம் | இலவசம் |
| நேரம் | வரிசையைப் பொறுத்தது | ஒன்று இரண்டு மணி | அரை நாளுக்கு மேல் |
| போன் | ஸ்மார்ட்போன், நெட், துணைக்கு ஆள் | ஓடிபிக்கு ஒரு எண் போதும் | தேவையில்லை |
| யார் காதில் விழும் | வீட்டார் | ஊரார் | வரிசையில் நிற்பவர்கள் |
| எப்போது சிறந்தது | ஆறு மாதத்துக்குள் தொடர் கேள்வி, மனநலம் | மாதாந்திர அளவு, சின்னச் சந்தேகம் | புதுத் தொந்தரவு, புண், வருடாந்திரச் சோதனை |

## ரகசியம்: சர்வரா, திண்ணையா?

தனியுரிமை என்றதும் எல்லோரும் ஹேக்கரை நினைக்கிறார்கள். அந்தப் பயம் வீண் இல்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் கணினிகள் முடக்கப்பட்டு நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதினார்கள். 2023 ஜூனில் செல்போன் எண்ணைத் தட்டினால் தடுப்பூசி போட்டவரின் விவரங்களைத் துப்பும் டெலிகிராம் பாட் ஒன்று வெளியே வந்தது. கோவின் தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்று அரசு சொன்னது, ஆனால் விவரங்கள் வெளியில் உலவியது உலவியதுதான்.

சரி, ஆனால் கிராமத்தில் முதலில் கசிவது சர்வர் இல்லை. துணை சுகாதார நிலையம் ஒரே அறை. வாசலில் நான்கு பேர். வீடியோவில் டாக்டர் கேட்பது ஸ்பீக்கரில் வெளியே வரைக்கும் கேட்கும். செவிலியர் நல்லவர்தான், ஆனால் தெரிந்த முகம், சில சமயம் சொந்தக்காரர். நான் முன்பு சொன்ன பெரிய குறை இதுதான். சுகர், பிரஷருக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள். மனச்சோர்வு, குடி, வெள்ளைப்படுதல், குழந்தையின்மை, காசநோய்ச் சந்தேகம் என்றால் அத்தை வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட விஷயத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் போனே மேல். மனநலத்துக்கு டெலி-மனஸ் எண் 14416 இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. அதற்குப் பட்டன் போனே போதும்.

## ஆபா எண்: எடுப்பதா, விடுவதா?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க அடையாள எண் இது. எடுப்பது கட்டாயம் இல்லை. இ-சஞ்சீவனியில் செல்போன் எண்ணை வைத்தே பேசலாம். ‘ஆபா இல்லாவிட்டால் பார்க்க மாட்டோம்’ என்று யாராவது சொன்னால் அது விதி இல்லை.

எடுத்தால் உங்கள் ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டிக்குள் போய்விடும் என்பது தவறான எண்ணம். ரிப்போர்ட் அதை எழுதிய ஆஸ்பத்திரியிடமே இருக்கும். இன்னொரு ஆஸ்பத்திரி கேட்கும்போது எதைக் காட்டலாம், எந்தத் தேதி வரைக்கும் என்று உங்கள் போனில் அனுமதி கேட்கும். அனுமதியைப் பின்னால் ரத்தும் செய்யலாம். காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. நடப்பில் அனுமதி கொடுப்பது நோயாளி அல்ல, போனை வைத்திருப்பவர். அத்தைக்குப் பதிலாக ‘சரி’ அமுக்குவது மகன், அவன் இல்லாதபோது பக்கத்து வீட்டுப் பையன்.

அதைவிட மோசமான ஒன்றை ஆபா எடுக்கப் போனபோது கண்டுபிடித்தோம். ஓடிபி வரவே இல்லை. அத்தையின் ஆதாரில் இருந்தது இறந்துபோன மாமாவின் எண். ரீசார்ஜ் செய்யாமல் சிம் போய் வருடமாகிறது. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது தொலைத்தொடர்பு விதி. அதாவது அத்தையின் ஓடிபியும் ஆஸ்பத்திரிச் செய்திகளும் முகம் தெரியாத யாருக்கோ போய்க்கொண்டிருந்திருக்கலாம். இது ஹேக்கிங்கே இல்லை, ஆனால் ஊரில் கணவர் பெயரிலும் மகன் பெயரிலும் சிம் வைத்திருக்கும் எத்தனையோ பெண்களுக்கு நடக்கக்கூடியது.

சட்டம் காப்பாற்றுமா என்றால், பாதி. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காவல் போடவில்லை. அரசு நலத்திட்டப் பலன் கொடுப்பதற்காகத் தகவலைக் கையாள, சில நிபந்தனைகளோடு, தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்றும் அதில் இருக்கிறது. ஆகவே பொதுத் திட்டங்களைப் பொறுத்தவரை, சம்மதம் என்ற பூட்டை மட்டும் நம்ப முடியாது.

என் முடிவு: பல ஆஸ்பத்திரிகளுக்கு அலைகிறவர், ரிப்போர்ட்டைத் தொலைக்கிறவர், சொந்த எண்ணும் அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் உள்ளவர் என்றால் எடுக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி ஓபியில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து டோக்கன் வாங்குவது உண்மையிலேயே வேகமாக நடக்கிறது. ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுகிறவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எடுக்காவிட்டாலும் ஆதாரில் உள்ள எண் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அத்தைக்கு நாங்கள் வைத்த ஏற்பாடு: மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. நடுவில் சந்தேகம் என்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் செவிலியரிடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நேரில், மகன் லீவு போட்டு வருவான். ஆதாரில் அத்தையின் சொந்த எண்ணைச் சேர்த்தாயிற்று, ஆபா இன்னும் எடுக்கவில்லை. கால் புண் ஆறி இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த நேர்ப் பார்வை தை மாதம். காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே அத்தையே எழுதி வைத்திருக்கிறார்: ‘செருப்பைக் கழட்டிக் காட்டணும்.’